வணிகர் பேச்சு தாய்மொழியாவது எப்படி? பிட்ஜின், கிரியோல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்ஜின் என்றால் என்ன? இரண்டு மொழியைக் கலந்து பேசினாலே பிட்ஜின் ஆகிவிடுமா?

ஆகாது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரியத்திற்காக, பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலுக்காக, திரும்பத் திரும்பச் சந்திக்க நேரும்போது அவர்களுக்கிடையே உண்டாகும் சுருங்கிய பொது மொழியைத்தான் பிட்ஜின் என்கிறோம். அது யாருக்கும் தாய்மொழி அன்று. பேரம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவரவர் தம் மொழிக்குத் திரும்பிவிடுவார்கள். சொற்கள் சில நூறுதான் இருக்கும். வேற்றுமை உருபு, கால இடைநிலை, பால் காட்டும் விகுதி போன்றவை பெரும்பாலும் உதிர்ந்து போயிருக்கும்.

சாவி, ஜன்னல், அலமாரி ஆகிய சொற்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. ஆயினும் "சாவியை ஜன்னலில் வைத்தேன்" என்று சொல்லும்போது உருபும் வினைமுற்றும் முழுக்கத் தமிழாகவே நிற்கின்றன. அது சொல்லைக் கடன் வாங்குவது. பிட்ஜினோடு அதற்கு உறவில்லை. மொழிகள் நெருங்கிய உறவுடையவையாக இருந்தாலும் பிட்ஜின் எழாது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி எடுக்க வரும் கேரள வியாபாரி மலையாளத்தில் விலை கேட்பார், நம்மூர் கமிஷன் கடைக்காரர் தமிழில் பதில் சொல்வார், பேரம் படிந்துவிடும். அங்கே மூன்றாவது மொழி ஒன்றுக்குத் தேவையே வருவதில்லை.

வியாபாரத்திற்காக மட்டும் பிறந்த பிட்ஜின் எப்படி இருக்கும்?

நார்வேயின் வடகோடிக் கடற்கரையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் முதல் உலகப் போர்க் காலம் வரை வழங்கிய ருஸ்ஸெனோர்ஸ்க் இதற்குத் தெளிவான சான்று. ரஷ்யாவின் வெள்ளைக்கடல் பகுதியிலிருந்து கோடைதோறும் மாவும் தானியமும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வரும். நார்வே மீனவர்கள் அவற்றுக்கு ஈடாக மீன் கொடுப்பார்கள். இரு தரப்பாரும் ஏறத்தாழச் சமநிலையில் நின்று பேரம் பேசியதால் சொற்களும் இரு மொழிகளிலிருந்தும் வந்தன. பதிவான சொற்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் சில நூற்றைத் தாண்டுவதில்லை.

"மோயா கோபோம் ஃபிஸ்கா" என்றால் "நான் மீன் வாங்குகிறேன்" என்று பொருள். வாங்கினேன், வாங்குவேன் என்பதற்கும் அதே தொடர்தான். நேற்று, நாளை என்ற காலச்சொல்லோ பேச்சின் சூழலோதான் காலத்தைக் காட்ட வேண்டும். "போ" என்ற ஒரே முன்னிடைச்சொல், நாம் இல், கு, ஆல், உடைய என்றெல்லாம் பிரித்துச் சொல்லும் உறவுகள் அனைத்திற்கும் வந்தது. எனினும் அதிலும் ஒழுங்கு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரஷ்யச் சொல்லானாலும் நார்வேச் சொல்லானாலும் வினை என்றால் அதன் இறுதியில் "ஓம்" சேரும் என்பது இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்ட வழக்கமாக இருந்தது. வாய்க்கு வந்தபடி பேசுவதற்கும் நிலைபெற்ற பிட்ஜினுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நிலைபெற்ற பிட்ஜினில் "இப்படிச் சொல்லக்கூடாது" என்று ஒருவரைத் திருத்த முடியும். புதிதாக வருபவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அந்த வணிகம் நின்றது, மொழியும் நின்றது. தலைமுறை தலைமுறையாக வழங்கியும் அது கிரியோல் ஆகவில்லை; அதாவது பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகி முழு இலக்கணம் பெற்ற மொழியாக வளரவில்லை. கோடை முடிந்ததும் கப்பல்கள் திரும்பிவிட்டன. அந்த மொழியைத் தவிர வேறு பொது மொழியில்லாத ஒரு வீடு அங்கே உருவாகவே இல்லை.

அப்படியென்றால் எந்தப் பிட்ஜின்தான் கிரியோல் ஆகும்?

பல மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் தங்கி வாழ வேண்டும். அவர்களுக்குள் அந்தப் பிட்ஜினைத் தவிர வேறு பொதுமொழி இருக்கக் கூடாது. அங்கே பிள்ளைகள் பிறந்து அதையே கேட்டு வளர வேண்டும். வணிகம் பிட்ஜினைத் தொடங்கி வைக்கும், ஆனால் அதற்கு மேல் கொண்டுபோவது குடும்பம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பசிபிக் தீவுகளுக்குச் சந்தன மரமும் கடல் அட்டையும் தேடி ஆங்கிலம் பேசும் வணிகர்கள் வந்தார்கள். கடல் அட்டை என்னவென்று தூத்துக்குடிக் கடற்கரையில் விளக்க வேண்டியதில்லை. அதைப் பிடித்து, வேகவைத்து, உலர்த்திச் சீனச் சந்தைக்கு அனுப்பக் கரையில் நாள்கணக்கில் ஆள்கள் வேண்டும், அவர்களோடு பேசவும் வேண்டும். அந்தப் பேச்சு ஆங்கிலச் சொற்களைக் கொண்ட ஒரு கடற்கரைப் பிட்ஜினாயிற்று. 1863 முதல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ஜெர்மானியரின் சமோவாத் தோட்டங்களுக்கும் தீவுவாசிகள் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அடுத்தடுத்த ஊர்க்காரர்களே வெவ்வேறு மொழி பேசும் நிலம் அது. இன்றைக்கும் பப்புவா நியூ கினியில் 800க்கு மேற்பட்ட மொழிகள் உள்ளன. எனவே தோட்டத்தில் கங்காணியிடம் பேசுவதற்கு மட்டுமின்றித் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கும் அந்தப் பிட்ஜின்தான் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அதையும் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகும் நெடுங்காலம் அது வயதுவந்தோர் மொழியாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லே, ரபவுல் போன்ற நகரங்கள் வளர்ந்தபோதுதான், ஒரு மொழிக்காரர் வேறு மொழிக்காரரை மணந்து குடும்பம் நடத்துவது பெருகி, வீட்டுக்குள் டோக் பிசின் மட்டுமே கேட்ட பிள்ளைகள் கணிசமாக வளர்ந்தார்கள். பிட்ஜின் ஒன்று அல்லது இரண்டு தலைமுறையில் கிரியோல் ஆகிவிடும் என்று சொல்வதுண்டு; அந்தக் கணக்கை வணிகம் தொடங்கிய நாளிலிருந்து போடக் கூடாது. அத்தகைய பிள்ளைகள் பிறக்கத் தொடங்கிய நாளே கணக்கின் தொடக்கம்.

பேச்சுவழக்கு முழு இலக்கணம் பெறுவதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். கில்லியன் சாங்கோஃப், சுசான் லாபெர்ஜ் ஆகிய இரு மொழியியலாளர்கள் லே நகரில் டோக் பிசினைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளையும், அதே மொழியைப் பின்னால் கற்றுக்கொண்ட பெரியவர்களையும் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டு, 1973இல் தம் ஆய்வை வெளியிட்டார்கள். எதிர்காலத்தைக் குறிக்கும் ஒரு சிறிய சொல் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

தொடக்ககாலப் பிட்ஜினில் எதிர்காலத்தைச் சொல்ல "பைம்பை" என்ற சொல் தொடரின் தலையில் நின்றது. "பைம்பை மி கோ" என்றால் "பிறகு நான் போ" என்பது போன்ற அமைப்பு. அது தனிச்சொல், அழுத்தமாக உச்சரிக்கப்படும், முன்பே "நாளை" என்று வந்துவிட்டால் அதைச் சொல்லத் தேவையில்லை. நாளடைவில் அது "பை" என்று சுருங்கியது. பிறகு எழுவாயைத் தாண்டி வினைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது: "எம் பை கோ", அதாவது "அவன் போவான்". "நாளை" என்று முன்னரே சொல்லியிருந்தாலும் "பை" வரத் தொடங்கியது. தமிழில் "நாளை" என்று சொன்ன பிறகும் "போவேன்" என்பதில் "வ்" இருந்தே தீர வேண்டும் அல்லவா? தேவைப்பட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்த ஒன்று, சொல்லாவிட்டால் தொடர் பிழைபடும் என்ற நிலைக்கு வருவதே அது இலக்கணமாகிவிட்டதற்கு அடையாளம்.

பிள்ளைகளிடம் கண்ட வேறுபாடு நுட்பமானது. பெரியவர்களும் "பை"யை வினைக்கு முன்னால் வைக்கவே செய்தார்கள். ஆனால் அவர்கள் வாயில் அது பல வேளைகளில் தனிச்சொல்லுக்குரிய கனத்தோடு ஒலித்தது. பிள்ளைகள் அதில் முழு அழுத்தத்தை ஏறக்குறைய வைப்பதே இல்லை. சில இடங்களில் உயிரொலி தேய்ந்து, ஒரு மெய்யொலியளவாக அடுத்த வினையோடு ஒட்டிக்கொண்டது. சொந்தமாகச் சிந்தித்து, சண்டையிட்டு, கதை சொல்லும் வேகத்தில் அந்த மொழியைப் பேசுபவர்களின் வாயில் இது நடக்கிறது. பெரியவர்கள் தொடங்கியதைப் பிள்ளைகள் விரைவுபடுத்தி இறுக்கினார்கள் என்பதே அந்த ஆய்வின் பாடம். பிள்ளைகள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இலக்கணத்தைப் படைத்தார்கள் என்று அது சொல்லவில்லை. பலரும் அதை அப்படித் திரித்துச் சொல்வதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

எதிர்காலம் ஒன்று வந்துவிட்டால் இலக்கணம் முழுமையாகிவிடுமா?

எதிர்காலம் ஒரு மூலைதான். மற்றவற்றையும் பார்க்கும்போது தமிழ் வாசகருக்கு வியப்பு ஏற்படும். டோக் பிசினில் "எம் இ கைகை" என்றால் அவன் உண்கிறான். அதன் பின்னால், முடி என்னும் பொருளுள்ள "பினிஸ்" சேர்ந்து "எம் இ கைகை பினிஸ்" என்றால் அவன் சாப்பிட்டு முடித்துவிட்டான். தங்கியிரு என்னும் பொருளுள்ள "ஸ்டாப்" சேர்ந்து "எம் இ கைகை இ ஸ்டாப்" என்றால் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நம் மொழியில் "முடி", "இரு" என்னும் வினைகள் துணைவினையாக நின்று செய்யும் வேலையை இங்கும் அதே பொருளுடைய வினைகள் செய்கின்றன. தமிழிலிருந்து அவர்கள் வாங்கவில்லை. துணைவினைகள் இப்படிப் பிறப்பது உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படும் வழி.

பெயரெச்சத் தொடர் பிறந்த விதம் இன்னும் சுவையானது. "நேற்று வந்த ஆள் என் அப்பா" என்று சொல்ல, வெறும் பிட்ஜினில் "ஆள் நேற்று வந்தான், அவன் என் அப்பா" என்று இரண்டு தொடர்களை அடுக்கத்தான் முடியும். டோக் பிசினில் "இந்தா, இங்கே" என்று சுட்டிக்காட்டப் பயன்பட்ட "யா" என்ற சொல் இதற்கு வழிசெய்தது. பேசுபவர் ஆளைச் சொல்லி "யா" என்பார், அவரைப் பற்றிய விளக்கத்தைச் சொல்லி மறுபடியும் "யா" என்பார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கேட்பவர் யாரென்று புரிந்துகொண்டாரா என்று உறுதி செய்துகொள்ளும் பேச்சு உத்தியாக இருந்தது, விளக்கத் தொடரின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் இலக்கண வேலியாக மாறியது. சாங்கோஃபும் பெனலோப் பிரவுனும் இதை 1976இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரு தொடரை இன்னொன்றுக்குள் அடக்கும் ஆற்றல் வந்துவிட்டதா என்று பார்ப்பது, ஒரு பேச்சு முழுமொழியாகிவிட்டதா என்பதற்கு நல்ல சோதனை.

இந்த இலக்கணம் எங்கிருந்து வருகிறது? குழந்தைகளின் மூளையிலிருந்தா, பெற்றோரின் மொழியிலிருந்தா?

இதில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஹவாய்த் தோட்டங்களில் சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்கள் பேசிய ஒழுங்கற்ற பிட்ஜினைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒரே தலைமுறையில் ஒழுங்கான கிரியோலை உருவாக்கினார்கள் என்றும், மனித மூளையில் பிறவியிலேயே உள்ள ஒரு மொழித்திட்டமே அதற்குக் காரணம் என்றும் மொழியியலாளர் டெரக் பிக்கர்டன் 1980களில் வாதிட்டார். பின்னர் சாரா ராபர்ட்ஸ் பழைய ஆவணங்களைத் தேடி ஆராய்ந்தபோது வேறு படம் கிடைத்தது. தோட்டத்தில் பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோரின் மொழியையும் நன்கு பேசினார்கள், பிட்ஜினையும் பேசினார்கள், அதில் தங்கள் வீட்டு மொழியின் அமைப்புகளைப் புகுத்தினார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம்தான் அது உறுதியான தாய்மொழியாக நிலைத்தது. "ஒன்று அல்லது இரண்டு தலைமுறை" என்பதில் அந்த "இரண்டு" முக்கியமாவது இதனால்தான்.

வீட்டு மொழியின் பங்கை டோக் பிசினில் எளிதாகக் காட்டலாம். நாம், நாங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. டோக் பிசினில் "யுமி" என்றால் நாம், "மிபெலா" என்றால் நாங்கள். சொல்லின் ஒலி ஆங்கிலத்துடையது; வேறுபாடு அத்தீவுகளின் மெலனீசிய மொழிகளுடையது, ஏனெனில் கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்லாமல் அந்த மக்களால் பேச முடியாது. "இருவராகிய நாம்" என்பதற்குக்கூட "யுமிடுபெலா" என்று தனிச்சொல் உண்டு. இத்தனை தெளிவான சான்று இருக்கும்போது, எல்லாவற்றையும் மூளையின் திட்டத்துக்கே விட்டுவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பெரியவர்கள் தம் மொழிப் பழக்கத்திலிருந்து பொருளைக் கொண்டுவருகிறார்கள்; அவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை விடாமல் சொல்ல வேண்டியதாக்குவது என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள்.

முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் நூறாண்டுக்கு மேல் இருந்தார்களே, இங்கே ஏன் கிரியோல் உண்டாகவில்லை?

போர்ச்சுகீசியர் 1530களில் இக்கரையில் வலுப்பெற்றார்கள். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். இடையில் பரதவர் கத்தோலிக்கரானார்கள், போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர்களைப் பெற்றார்கள், ஆனால் வீட்டு மொழி தமிழாகவே நின்றது. மணப்பாட்டிலிருந்து வேம்பாறு வரை கரை முழுவதும் ஏற்கெனவே ஒரே மொழி பேசியது என்பதே முதன்மைக் காரணம். ஓர் ஊர்ப் பரதவர் மற்றோர் ஊர்ப் பரதவரோடு பேசப் புதிய பொதுமொழி வேண்டியிருக்கவில்லை. வந்தவரோடு பேசுவதற்குத் துபாஷிகள் போதும். பாதிரிமாரும் தமிழையே கற்றார்கள். புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றீக்கே அன்றீக்கசு தமிழுக்கு இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" நூலைத் தமிழில் அச்சிட்டது நாம் அறிந்ததே.

கடலைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. இலங்கையில் போர்ச்சுகீசிய ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான குடும்பங்களில் போர்ச்சுகீசியக் கிரியோல் தாய்மொழியாயிற்று. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் இன்றும் அதைப் பேசுகிறார்கள். சொற்கள் போர்ச்சுகீசியம், ஆனால் வினை தமிழில் போலத் தொடரின் கடைசியில் வருகிறது. போர்ச்சுகீசியத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் "பாரா" என்ற சொல், அங்கே தேய்ந்து, பெயருக்குப் பின்னால் நம் "கு" உருபு போல ஒட்டிக்கொள்கிறது. இந்தத் தமிழ்ச்சாயல் ஒரே தலைமுறையில் வந்ததன்று. தமிழரோடு தமிழராக இருமொழி பேசிப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்ததால் வந்தது. கிரியோல் பிறக்கும்போது நடக்கும் விரைவான மாற்றத்தையும், பிறந்த பின் அண்டை மொழியால் நடக்கும் மெதுவான மாற்றத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தமிழர் வழிவந்தவர்கள் யாராவது கிரியோல் பேசுகிறார்களா?

மலாக்காச் செட்டிகள் பேசுகிறார்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் அங்கே தங்கிய தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். துறைமுகத்தில் எல்லாரும் பேசிய சந்தை மலாய்தான் அந்த வீடுகளிலும் பொதுமொழியாக இருந்தது; பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழியாயிற்று. அவர்கள் இன்றும் சைவர்கள். வழிபாட்டுச் சொற்கள் சிலவற்றில் தமிழ் எஞ்சியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவரோடு மேஸ்திரி பேசுவதும் பிட்ஜின்தானா?

அதற்கு முந்தைய படி என்று சொல்லலாம். "பையா, சிமெண்ட் தோ மூட்டை லாவ்" என்கிறார் மேஸ்திரி. "நாளை சுட்டி, அண்ணா" என்கிறார் தொழிலாளி. நாளைக்கு விடுமுறையா என்று அவர் கேட்கிறாரா, விடுப்பு வேண்டும் என்கிறாரா, வரமாட்டேன் என்று அறிவிக்கிறாரா என்பது அந்தத் தொடரில் இல்லை. முகத்தைப் பார்த்து, இரண்டு முறை திருப்பிக் கேட்டுத்தான் மேஸ்திரி தெரிந்துகொள்ள வேண்டும். வினா, வேண்டுகோள், மறுப்பு ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் இலக்கணம் அங்கே இன்னும் இல்லை. அடுத்த தெருவில் நடக்கும் வேலையில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். எது சரி, எது பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

இது நிலைபெற்று வளர்வதற்கும் வாய்ப்புக் குறைவு. தொழிலாளர்கள் தங்களுக்குள் இந்தியிலோ வங்காளியிலோ ஒடியாவிலோ பேசிக்கொள்கிறார்கள்; சில ஆண்டுகள் தங்கியவர் நல்ல தமிழே பேசத் தொடங்கிவிடுகிறார்; குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் சேர்ந்தால் நம் பிள்ளைகளைப் போலவே "ஏல, வால" என்று பேசுகிறார்கள். ஊரில் வலுவான ஒரு மொழி இருந்து, அதைக் கற்கும் வழியும் திறந்திருந்தால், பிள்ளைகள் அந்த மொழிக்கே போய்விடுவார்கள்.

எங்கள் பிள்ளைகள் பேசும் தங்கிலீஷ் ஒருநாள் கிரியோல் ஆகிவிடுமா?

"நான் காலேஜுக்கு லேட்டா போனேன்" என்பதில் "கு" இருக்கிறது, "ஆ" இருக்கிறது, "போனேன்" என்பதில் இறந்தகாலமும் தன்மை ஒருமையும் இருக்கின்றன. எதுவும் உதிரவில்லை, எனவே மீண்டும் உருவாக வேண்டியதும் எதுவுமில்லை. தமிழில் இத்தனை ஆங்கிலச் சொல் வேண்டுமா என்ற கவலை உங்களுக்கு இருந்தால் அது நியாயமானதே, ஆனால் அது கிரியோலைப் பற்றிய கேள்வி அன்று.